"பணம் வரலைம்மா!"

*பாஸ்புக்கில் இல்லை, போனில் மெசேஜ் இல்லை, கவுன்ட்டரிலும் "வரலை" என்கிறார்கள். அரசு அனுப்பிவிட்டதாகச் சொல்லும் பணம் எங்கேதான் போகிறது? முடிச்சூர் வங்கிக் கவுன்ட்டரிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.*

நவம்பர் கடைசி. முடிச்சூர் சாலையில் விடியற்காலையில் பெய்த மழை இன்னும் வடியவில்லை. வங்கியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புகள் ஈரத்தோடு குவிந்து கிடக்கின்றன. உள்ளே உட்கார இடமில்லை. பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் இது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி, மூன்றாம் நம்பர் கவுன்ட்டருக்கு வந்து நிற்கிறார். கையில் பால் கவர். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள்தான் பாஸ்புக். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர் பக்கம் யாரும் காகிதத்தை வெறுமனே வைப்பதில்லை.

"கண்ணு, பணம் வரலைம்மா."

"எந்தப் பணம் அய்யா?"

"அதான், விவசாயிக்குப் போடறது. ரெண்டாயிரம். கோயம்புத்தூர்ல பிரதமர் வந்து போட்டாராமே, டிவியில காட்டுனான். ஊர்ல என் பங்காளிக்கு வந்துடுச்சு. எனக்கு வரலை."

கிளார்க் பாஸ்புக்கை வாங்கி என்ட்ரி போடுகிறார். பிரின்டர் இரண்டு வரி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது.

"வரலை அய்யா."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்."

"இல்லை அய்யா, எங்களுக்கு வரலை. கவர்மென்ட்ல இருந்து வந்தா தானா ஏறிடும். நீங்க அக்ரி ஆபீஸ்ல கேளுங்க."

"அங்க போய்த்தான் வர்றேன். வந்தவாசிக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வந்தேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு 'போட்டாச்சு பெரியவரே, பேங்க்ல கேளு'ங்கிறான். நீ அங்க கேளுங்கிறே. நான் யாரைக் கேட்கிறது?"

"ஆதார் லிங்க் பண்ணியிருக்கீங்களா?"

"போன வருஷமே இதே கவுன்ட்டர்ல ஜெராக்ஸ் குடுத்தேனேம்மா."

கிளார்க் திரையைப் பார்க்கிறார். ஆதார் எண் ஏறியிருக்கிறது. பின்னால் நிற்பவர் டோக்கனைக் கவுன்ட்டர் கண்ணாடியில் தட்டுகிறார்.

இந்தப் பெரியவரும் கிளார்க்கும் குறிப்பிட்ட இரு மனிதர்கள் அல்ல. புறநகர் வங்கிகளில் நாள்தோறும் காதில் விழும் பேச்சுகளைச் சேர்த்துக் கோத்த உரையாடல் இது. ஆனால் பணம் போகும் பாதை, தேதிகள், விதிகள் எல்லாம் நிஜம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசித்திரம். வேளாண்மை அலுவலகம் "போட்டாச்சு" என்றது உண்மை. கிளார்க் "வரலை" என்றது உண்மை. பெரியவர் கையில் காசில்லை என்பது எல்லாவற்றையும்விட உண்மை. மூன்று உண்மைகளுக்கு நடுவே நாலாயிரம் ரூபாய் தொலைந்து நிற்கிறது. ஆம், ரெண்டாயிரம் அல்ல, நாலாயிரம். அதை அப்புறம் பார்ப்போம்.

பணம் வரும் வழி

பி.எம். கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 என மூன்று தவணை. 2025இல் பிப்ரவரி 24, ஆகஸ்ட் 2, நவம்பர் 19 ஆகிய தேதிகளில் தவணைகள் விடுவிக்கப்பட்டன. கடைசியாகச் சொன்ன 21ஆவது தவணைதான் கோவையில் நடந்த இயற்கை வேளாண்மை மாநாட்டு மேடையில் பிரதமர் விடுவித்தது.

நம்மில் பலர் நினைப்பது என்ன? அரசிடம் நம் அக்கவுன்ட் நம்பர் இருக்கிறது, அந்த நம்பருக்குப் பணத்தை அனுப்புகிறார்கள் என்று. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது பி.எம். கிசான், நூறு நாள் வேலைக் கூலி, கேஸ் மானியம் போன்றவற்றில் பணம் புறப்படும்போது அதன் மேல் எழுதியிருப்பது அக்கவுன்ட் நம்பர் அல்ல, ஆதார் எண்.

அந்த ஆதார் எண்ணை வாங்கிக்கொண்டு, 'இவருடைய பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும்?' என்று பார்த்துச் சொல்ல ஒரு பதிவேடு உண்டு. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், சுருக்கமாக என்.பி.சி.ஐ., அதை வைத்திருக்கிறது. வங்கிக்காரர்கள் 'மேப்பர்' என்பார்கள். தபால் ஆபீஸில் முகவரி மாற்றம் எழுதிவைக்கும் நோட்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆதார் எண்ணுக்கும் நேராக அந்த நோட்டில் ஒரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். புதிதாக ஒரு வங்கி எழுதப்பட்டால் பழையது அடிபட்டுப் போகும். கடைசியாக எழுதியது எதுவோ, அதுவே செல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேப்பரில் இருப்பது வங்கியின் பெயர் மட்டும்தான், அக்கவுன்ட் நம்பர் இல்லை. பணம் அந்த வங்கிக்குப் போன பிறகு, எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை வங்கியே தன் ஏட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. ஒரே வங்கியில் இரண்டு கிளைகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பணம் சில சமயம் பழைய கிளைக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

---

பெட்டிச் செய்தி: ஒரே சொல், இரண்டு 'லிங்க்'

"ஆதார் லிங்க் பண்ணியாச்சா?" என்ற கேள்வியில்தான் பாதிக் குழப்பம் ஒளிந்திருக்கிறது. இதற்கு இரண்டு பொருள் உண்டு.

*முதல் லிங்க்:* 'இந்தக் கணக்கு இன்னாருடையது' என்று அடையாளம் காட்டுவதற்காக ஆதாரைப் பதிவு செய்வது. ஐந்து வங்கியில் கணக்கு இருந்தால் ஐந்திலும் இதைச் செய்யலாம்.

*இரண்டாவது லிங்க்:* 'என் அரசுப் பணம் இந்த வங்கிக்கே வரட்டும்' என்று ஒப்புதல் கொடுத்து மேப்பரில் ஏற்றுவது. 'சீடிங்' என்பார்கள். இது ஒரே ஒரு வங்கிக்குத்தான்.

முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் பெரியவர் கொடுத்த ஜெராக்ஸ் முதல் லிங்கைக் காட்டுகிறது. பணம் தேடி வருவது இரண்டாவது லிங்கை.

---

31 லட்சம் பேருக்குத் தெரியாமல் நடந்தது

இந்த மேப்பர் எவ்வளவு சுலபமாகத் திசை மாறும் என்பதை நாடு 2017இல் பார்த்தது.

அப்போது செல்போன் இணைப்புகளை ஆதாருடன் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். மக்கள் கடை கடையாக நின்று விரல் வைத்தார்கள். ஏர்டெல் வாடிக்கையாளர்கள் பலருக்கு, அந்தச் சரிபார்ப்போடு சேர்த்து ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் ஒரு கணக்கும் திறக்கப்பட்டது. என்ன நடக்கிறது என்று புரிந்து அவர்கள் கொடுத்த ஒப்புதல் அல்ல அது. கணக்கு திறந்ததோடு மேப்பரிலும் புது வங்கியின் பெயர் ஏறியது. விளைவு, அதுவரை வழக்கமான வங்கிக்கு வந்துகொண்டிருந்த கேஸ் மானியம் இந்தப் புதிய கணக்குகளுக்குப் போக ஆரம்பித்தது.

வீட்டில் சிலிண்டர் வாங்கியவர்கள் வங்கிக்குப் போய் "மானியம் வரலை" என்றார்கள். வங்கியில் பார்த்தால் உண்மையிலேயே வரவில்லை. கேஸ் ஏஜென்சியில் கேட்டால் "போட்டாச்சு" என்றார்கள். மேலே படித்த அதே உரையாடல், நாடு முழுக்க. சுமார் 31 லட்சம் பேரின் சுமார் 190 கோடி ரூபாய் இப்படித் திசைமாறியிருந்தது தெரியவந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்துக்கு ஆதார் வழிச் சரிபார்க்கும் உரிமத்தை நிறுத்தி வைத்தது. பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்தப் பேமென்ட்ஸ் வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதன் பிறகு கடிவாளம் இறுகியது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் எந்த வங்கியும் மேப்பரில் பெயரை மாற்றக் கூடாது. ஆனால் ஒப்புதல் என்பது நடைமுறையில் என்ன? கணக்குத் திறக்கும் படிவத்தில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக். படிவத்தை நிரப்புவது வாடிக்கையாளர் அல்ல, எதிரில் உட்கார்ந்திருக்கும் பையன். தாத்தா கையெழுத்து மட்டும் போடுகிறார், அல்லது விரலை வைக்கிறார். சட்டப்படி ஒப்புதல் இருக்கிறது. தாத்தாவுக்குத்தான் அது தெரியாது.

திரையில் தெரிவதும் தெரியாததும்

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்ப்போம். கிளார்க்கின் திரையில் தெரிவது அந்த ஒரு வங்கியின் ஏடு மட்டும். பெரியவருக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்தால் அதில் என்ன வந்தது, என்ன போனது என்று கிளார்க்கால் பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது. ஆகவே அவர் சொல்லும் "வரலை" என்பதன் முழு வாக்கியம் இதுதான்: 'எங்கள் வங்கியின் இந்தக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை.' பெரியவர் காதில் விழுவதோ, 'உனக்குப் பணம் கிடையாது.'

அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி இருக்கிறது. ஆதார் எண்ணைப் போட்டு மேப்பரில் அது இப்போது எந்த வங்கியைக் காட்டுகிறது என்று விசாரிக்கும் வசதி வங்கிகளின் மென்பொருளில் உண்டு. கணக்கு விவரம் வராது, வங்கியின் பெயர் வரும். அது போதும். பிரச்சினை என்னவென்றால், இந்த விசாரணை என்ட்ரி போடும் திரையில் வராது, வேறு மெனுவுக்குப் போக வேண்டும். பின்னால் வரிசை நீளும்போது, "அக்ரி ஆபீஸ்ல கேளுங்க" என்பது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

வாடிக்கையாளரே பார்க்கவும் வழி உண்டு. myaadhaar.uidai.gov.in தளத்தில் `Bank Seeding Status` என்ற பகுதிக்குள் போனால், ஆதார் எண் எந்த வங்கியோடு மேப்பரில் சேர்ந்திருக்கிறது, அந்தச் சேர்க்கை உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். ஆதாரில் பதிவான செல் நம்பருக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட வேண்டும். பெரியவர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் வண்டி நிற்கும். பத்து வருடத்துக்கு முன் கொடுத்த நம்பர் இப்போது யாரிடமோ இருக்கும். அப்படியானால் ஆதார் மையத்தில் முதலில் நம்பரை மாற்றிவிட்டு வர வேண்டும். கிளையிலேயே மேப்பர் விசாரணை கேட்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாலாயிரம் கிடைத்த கதை

இனி நம் பெரியவரிடம் திரும்புவோம். அன்று அவருடைய அதிர்ஷ்டம், கிளார்க் பாஸ்புக்கை மூடிக் கொடுக்கும் முன் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார்.

"அய்யா, போன தவணை வாங்குனீங்களா? ஆகஸ்ட்ல ஒண்ணு போட்டாங்களே."

"வந்திருக்கும்னு விட்டுட்டேன்மா. நான் எங்க என்ட்ரி போட்டேன்."

"பிப்ரவரி வந்திருக்கு. ஆகஸ்ட்டும் இல்லை, இப்பவும் இல்லை. நடுவுல வேற எங்கயாச்சும் அக்கவுன்ட் ஆரம்பிச்சீங்களா?"

"இல்லைம்மா."

"எங்கயாச்சும் கைரேகை வெச்சீங்களா?"

பெரியவர் யோசிக்கிறார். "மழைக்கு முன்னாடி, செல்போன் கடை வாசல்ல குடை போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இன்சூரன்ஸ் கார்டு தரேன்னான். வெச்சேன். கார்டு வீட்ல இருக்கு."

விசாரணையின் திறவுகோல் இந்தக் கேள்விதான். 'பணம் வந்ததா, இல்லையா?' என்று கேட்டால் ஒன்றும் தேறாது. 'கடைசியாக எந்த மாதம் வந்தது? அதற்குப் பிறகு எங்கே விரல் வைத்தீர்கள்?' என்று கேட்டால் பாதை தெரிந்துவிடும். பிப்ரவரிக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவே மேப்பரில் பெயர் மாறியிருக்கிறது. ஆகஸ்ட் தவணையும் நவம்பர் தவணையும் அந்தக் 'கார்டு' கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மெசேஜ் வந்திருந்தாலும் பையன் பதிந்த நம்பருக்கு வந்திருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில் வந்து அழிந்திருக்கும்.

இதை உறுதி செய்ய இரண்டாவது சாட்சியும் உண்டு. pmkisan.gov.in தளத்தில் `Know Your Status` பகுதியில் பதிவு எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு தவணையும் ஆதார் வழியாகப் போனதா, எந்த வங்கிக்குப் போனது, எந்தத் தேதியில் வரவானது என்று காட்டும். அதே பக்கத்தில் நிலப் பதிவு, இ-கே.ஒய்.சி., ஆதார் சேர்க்கை ஆகிய மூன்றுக்கும் 'ஆம்' இருக்கிறதா என்றும் பார்க்கலாம். மூன்றில் ஒன்று 'இல்லை' என்றால் பணம் புறப்படவே இல்லை. அப்போது வங்கியில் நின்று பயனில்லை. மூன்றும் 'ஆம்', வங்கிப் பெயர் மட்டும் வேறு என்றால் பணம் பத்திரமாக வேறு வீட்டில் இருக்கிறது.

வங்கியின் பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை மூன்று. அவற்றின் வரிசை முக்கியம்: முதலில் எடு, அடுத்து மாற்று, கடைசியில் மூடு.

*எடு.* அங்கே இருக்கும் நாலாயிரம் தானாக இந்தக் கணக்குக்கு நடந்து வராது. மேப்பரை மாற்றினாலும் இனி வரும் தவணைதான் திரும்பும், போனது போன இடத்திலேயே இருக்கும். விரல்ரேகை மிஷின் வைத்திருக்கும் எந்த வங்கி முகவரிடமும், ஆதார் எண்ணைக் கொடுத்து, அந்த வேறு வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, விரல் வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிப் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் 'கணக்கு இல்லை' என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு, பணமே இல்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. முதலில் இருப்பு மட்டும் பாருங்கள். எடுத்த பின் ரசீது கேளுங்கள். ரசீதில் உள்ள தொகையும் கையில் வந்த தொகையும் ஒன்றுதானா என்று அங்கேயே எண்ணுங்கள்.

மண் அளைந்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். கட்டைவிரல் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். பத்து விரலில் எது வேண்டுமானாலும் வைக்கலாம். பெரியவர்கள் பலருக்கு மோதிர விரலோ சுண்டு விரலோ தேறிவிடும். காய்ந்த விரலை ஈரத் துணியில் ஒற்றித் துடைத்துவிட்டு வைத்தாலும் சில சமயம் எடுத்துக்கொள்ளும். எதுவுமே ஆகவில்லை என்றால் அந்த வங்கியின் கிளைக்கே ஆதாருடன் போய்விட வேண்டியதுதான்.

*மாற்று.* அடுத்து, முடிச்சூர் கிளையிலேயே 'ஆதார் சீடிங்' ஒப்புதல் படிவம் கேட்க வேண்டும். அதில் ஒரு வரியைக் காலியாக விடக் கூடாது. 'இதுவரை அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது?' என்ற இடத்தில் அந்தக் 'கார்டு' வங்கியின் பெயரை எழுத வேண்டும். அது இல்லாமலோ தவறாகவோ இருந்தால் மேப்பர் மாற்றத்தை ஏற்காமல் போகக்கூடும். படிவம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வங்கிப் பெயர் மாறியதா என்று பார்த்துவிடுங்கள். "குடுத்துட்டேன்" என்பது வேறு, "ஏறிடுச்சு" என்பது வேறு.

*மூடு.* வேண்டாத கணக்கை மூடுவது கடைசி வேலை. கோபத்தில் முதலிலேயே மூடிவிட்டால் என்ன ஆகும்? மேப்பர் அதே வங்கியைக் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தவணை அங்கே போகும். கணக்கு இல்லை என்று அந்த வங்கி திருப்பி அனுப்பும். இப்போது பணம் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை; புறப்பட்ட இடத்துக்கே போய்விட்டது. அதை மறுபடி போட வைக்க வேளாண்மை அலுவலகப் படி ஏற வேண்டும்.

வந்தும் வராத பணம்

எல்லா "வரலை"யும் மேப்பர் விவகாரம் அல்ல. வந்த பணமே கண்ணில் படாமல் போவதும் உண்டு.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். முதலில் சோதனையாக ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆயிரத்தை அனுப்பினார்கள். கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது நல்ல உத்தி. ஆனால் ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பதில் தெரியாத ஒன்று இருந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளில் அபராதம் நிலுவையில் காத்திருந்தது. ஆயிரம் உள்ளே வந்ததும் அந்தப் பாக்கியைக் கணினி தானாகப் பிடித்துக்கொண்டது. எடுக்கப் போன பெண்களுக்குப் பாதிப் பணம்தான் இருந்தது, சிலருக்கு அதுவும் இல்லை. உரிமைத் தொகையிலிருந்து பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது.

வங்கி ஏட்டின்படி பணம் வந்தது. பெண்களின் கைக்கு வரவில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி "வந்ததா?" அல்ல, "வந்து என்ன ஆச்சு?" இருப்பை மட்டும் சொன்னால் இது வெளியே வராது. மூன்று மாத வரவு செலவை வரி வரியாக அச்சடித்துப் பார்க்க வேண்டும். 2025இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி போன்றவை சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தைக் கைவிட்டன. ஆனாலும் மெசேஜ் கட்டணம், ஏ.டி.எம். கார்டு ஆண்டுக் கட்டணம், எப்போதோ டிக் போட்ட காப்பீட்டுப் பிரீமியம் என்று பணத்தைக் கடிக்கும் பற்கள் இன்னும் இருக்கின்றன.

மூன்றாவது வகை, வாசல் வரை வந்து திரும்பிய பணம். கே.ஒய்.சி. புதுப்பிக்காததால் முடக்கிய கணக்கு, பெயர் பொருந்தாத கணக்கு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வங்கி பணத்தை ஏற்காமல் திருப்பியிருக்கும். இது பாஸ்புக்கில் ஒரு வரியாகக்கூட வராது. வரவே வைக்காத பணத்துக்கு ஏட்டில் ஏது இடம்? அனுப்பிய துறையின் திரையில்தான் நிராகரித்த காரணத்தோடு தெரியும். அங்கே காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு வங்கிக்கு வந்தால் வேலை நடக்கும்.

நான்காவது, அனுப்பவே இல்லாத பணம். உயிர்வாழ் சான்று கொடுக்காமல் நின்ற ஓய்வூதியம், இ-கே.ஒய்.சி. முடிக்காமல் நின்ற கிசான் தவணை எல்லாம் இதில் வரும்.

---

பெட்டிச் செய்தி: கவுன்ட்டரில் கேட்க நான்கு கேள்விகள்

1. கடைசியாக எந்தத் தேதியில் வந்தது? அதற்குப் பிறகு வரி வரியாக ஸ்டேட்மென்ட் கொடுங்கள்.

2. என் ஆதாருக்கு மேப்பரில் இப்போது எந்த வங்கி இருக்கிறது?

3. என் கணக்கு முடங்கியிருக்கிறதா? கே.ஒய்.சி. பாக்கி இருக்கிறதா?

4. இதற்கெல்லாம் பதிலை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா?

*தெரிந்துகொள்ளுங்கள்:* மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுன்ட்டர் அல்லது முன்னுரிமை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரவும் அதே உத்தரவு சொல்கிறது.

*வங்கியின் தவறு என்றால்:* முதலில் கிளையில் எழுத்துப் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். உதவிக்கு 14448.

*அனுப்பவே இல்லை என்றால்:* ஆம்புட்ஸ்மேனால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்ப வேண்டிய துறையைத்தான் கேட்க வேண்டும். பி.எம். கிசான் உதவி எண் 155261.

---

அலைச்சலின் விலை

இரண்டாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்கத் தோன்றும். பெரியவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முடிச்சூரிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து வந்தவாசி, திரும்பி வருவது. ஒரு நாள், இரண்டு வேளைச் சாப்பாடு, பஸ் கட்டணம். அங்கே சொன்ன "பேங்க்ல கேளு" என்ற ஒற்றை வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை அது. வங்கியிலும் "அங்க கேளுங்க" என்று முடிந்திருந்தால் மறுபடி அதே பஸ், அதே செலவு. இரண்டு நடை போனால் தவணையில் கணிசமான பங்கு டிக்கெட்டிலேயே போய்விடும். மூன்றாவது நடைக்குப் பலர் போவதில்லை. வேண்டாத கணக்குகளில் யாரும் எடுக்காமல் கிடக்கும் சிறு தொகைகளுக்குப் பின்னால், மூன்றாவது முறை பஸ் ஏறாத பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விலையும் உண்டு. "பணம் வரலை" என்று நாலு பேரிடம் புலம்பியவரைத் தேடி போன் வரும். "தாத்தா, கிசான் ஆபீஸ்ல இருந்து பேசறோம். பணம் நிக்குது, ஒரு நம்பர் வரும் சொல்லுங்க." உண்மையிலேயே பணம் வராதவருக்கு அந்தப் பேச்சு நம்பும்படியாகத்தான் இருக்கும். எந்தத் துறையும் எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்டு மானியம் போடுவதில்லை. ஆனால் இதை எச்சரிக்கையாகச் சொல்வதைவிட, பணம் எங்கே இருக்கிறது என்று கவுன்ட்டரிலேயே சொல்லி அனுப்புவது நல்ல காவல். இருக்கும் இடம் தெரிந்தவர் திருடனின் போனுக்கு ஏன் பதில் சொல்லப் போகிறார்?

அன்று மூன்றாம் நம்பர் கவுன்ட்டரில், டோக்கன் தட்டியவர் காத்திருந்த நேரத்தில், கிளார்க் மேப்பரில் பார்த்துவிட்டு, பணம் கட்டும் சலான் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். 'இக்கணக்கில் கடைசி வரவு பிப்ரவரி 2025. அதன் பிறகு பணம் செல்வது:' என்று எழுதி, அந்த வங்கியின் பெயரைத் தமிழில் பெரிதாகப் போட்டார். கீழே மூன்று சொல்: எடு, மாற்று, மூடு.

"அய்யா, பணம் வரலைன்னு சொல்லாதீங்க. இங்க வரலைன்னு சொல்லுங்க. அங்க இருக்கு."

பெரியவர் சலானை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். நாலாக மடித்தார். பாஸ்புக்குக்குள் வைத்தார். பாஸ்புக்கைக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டுக்கொண்டு, வெளியே குவிந்து கிடந்த ஈரச் செருப்புகளில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தார்.